அடுப்பைப் பார்க்காத வெங்காயம்

சேந்தமங்கலத்தில் பெரியம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் பள்ளிபாளையம் சிக்கன் நிச்சயம். சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கொஞ்சம் மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். மசாலாத் தூள் எதுவும் சேராத அந்த ருசிக்காகவே போவேன். ஒருமுறை போனபோது அடுக்களையில் அவர் பக்கத்திலேயே நின்று, அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறிக்கடைக் கவரைப் பிரித்துக் கறியைச் சிங்க்கில் கொட்டினார். குழாயை முழுக்கத் திறந்து நாலு தண்ணீர் கழுவினார். மஞ்சள் போட வேண்டும். ஈரக்கை அஞ்சறைப்பெட்டி மூடியைத் திறந்து, மஞ்சளுக்குள் இருந்த சின்னக் கரண்டியை எடுத்தது. அடுத்து உப்பு ஜாடி. பிசறிய கையைக் குழாயடியில் ஒருமுறை காட்டி, மேடையோரம் கிடந்த கரித்துணியில் துடைத்துக்கொண்டார். எலும்பு பெரிதாக இருந்த இரண்டு துண்டுகளை அருவாமனையில் வைத்துச் சிறிதாக்கினார். பிறகு அதே அருவாமனையைத் தண்ணீரில் அலசிவிட்டு, தயிர்ப்பச்சடிக்குப் பெரிய வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

"பெரிம்மா, கறி அரிஞ்ச அருவாமனையில பச்சடி வெங்காயம் வேண்டாங்க" என்றேன்.

"ஏஞ்சாமி, எல்லாம் வேகத்தானே போகுது?" என்றார்.

கறி வேகும். பச்சடி வெங்காயம் வேகாது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வெங்காயத்தைப் பற்றியதுதான்.

பச்சைக் கோழிக்கறியில் நாம் பயப்பட வேண்டிய கிருமிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று சால்மொனெல்லா, மற்றொன்று கேம்பிலோபாக்டர். இரண்டுமே கோழியின் குடலில் வாழ்கின்றன. பெரும்பாலும் கோழிக்கு எந்த நோயும் தெரியாது. நன்றாகத் தீனி எடுத்து, நன்றாக எடை ஏறி, பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். அதனால் நல்ல கோழியாகப் பார்த்து வாங்கினேன் என்பது இந்த விஷயத்தில் உதவாது. நாட்டுக்கோழிக்கும் விலக்கு இல்லை. உயிரோடு இருக்கும்போது குடலுக்குள் இருந்த கிருமி, அறுத்துச் சுத்தம் செய்யும்போதுதான் கறியின் மேல் வருகிறது. குடலை இழுக்கும்போது கிழியலாம். இறகு பிடுங்குவதற்காக ஒரே வெந்நீரில் பல கோழிகளை முக்கலாம். வெட்டும் மரக்கட்டையும் கத்தியும் காலையிலிருந்து எல்லாக் கோழிக்கும் ஒன்றுதான். ஒரு கோழியில் இருந்தது பத்துக் கோழிக்குப் போக இவ்வளவு போதும். கறி கெட்டுப்போனதற்கான நாற்றம் இந்தக் கிருமிகளால் வருவதும் இல்லை. இப்போதுதான் வெட்டிய, வாசனையே இல்லாத, பளிச்சென்ற கறியிலும் அவை இருக்கலாம்.

எவ்வளவு கிருமி உள்ளே போனால் நோய் வரும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கேம்பிலோபாக்டர் சமையலறை மேடையில் பெருகாது, காய்ந்தால் சீக்கிரம் செத்தும்விடும். ஆனால் சில நூறு கிருமிகளே நோய் தரப் போதும். கறியிலிருந்து கசியும் சிவந்த நீர் ஒரு சொட்டு வெங்காயத்தில் பட்டாலே அந்தக் கணக்கு நிறையலாம். சால்மொனெல்லா பொதுவாக அதைவிட அதிக எண்ணிக்கையில் வேண்டும். ஆனால் அதற்குப் பெருகத் தெரியும். நம் ஊர் வெயிலில், அதற்கு வசதியான உணவு கிடைத்தால், ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கறி வைத்திருந்த தட்டை லேசாக அலசிவிட்டு அதில் உரித்த அவித்த முட்டையை வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நூறு கிருமி ஒட்டியது என்றால், அவை பெருகத் தொடங்கியபின் நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து நான்கு லட்சத்தைத் தாண்டும். அவித்த முட்டைதானே என்று அதைக் குழந்தையின் கையில் கொடுப்போம். முட்டை வெந்ததுதான், தட்டுதான் வேகவில்லை.

இப்போது சிங்க்குக்கு வருகிறேன். கறியைக் கழுவக்கூடாது என்று சொன்னால் நம் வீடுகளில் யாரும் ஏற்க மாட்டார்கள். நானும் ரொம்ப நாள் ஏற்கவில்லை. அமெரிக்க வேளாண்துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் என்னை யோசிக்க வைத்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். சோதனைச் சமையலறைக்கு ஆட்களை வரவழைத்து, கோழித்தொடைகளைச் சமைக்கவும் பச்சை இலை சாலட் தயாரிக்கவும் சொன்னார்கள். தீங்கு செய்யாத, ஆனால் பிற்பாடு தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவைக் கறியில் முன்கூட்டியே தடவியிருந்தார்கள். கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்த பாக்டீரியா இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட்டில் அது ஏறியிருந்தது.

இத்தோடு நிறுத்தினால் கழுவாதீர்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அதே ஆய்வில் கறியைக் கழுவாமல் நேரே சமைத்தவர்களில் 31 சதவீதம் பேரின் சாலட்டிலும் பாக்டீரியா இருந்தது. அவர்கள் சிங்க்கில் தண்ணீர் தெறிக்கவிடவில்லை, பிறகு எப்படி? பெரும்பாலும் கைதான். கறியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாமல் இலையைத் தொட்டிருக்க வேண்டும். கழுவுவதா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் சண்டையைவிட முக்கியமான தகவல் இது. தெறிக்கும் தண்ணீர் ஒரு வழி, கை இன்னொரு வழி. ஒன்றை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்து வைத்தால் பயன் இல்லை.

கழுவினால் கிருமி போகாது என்பது உறுதி. கறியின் மடிப்பிலும் தோல் துளையிலும் ஒட்டியிருப்பதைப் பச்சைத் தண்ணீர் பெயர்த்து எடுக்காது. மஞ்சளும் உப்பும் பத்து நிமிடத்தில் அதைக் கொல்லாது. வாடையைக் குறைக்கும், நிறம் தரும், அவ்வளவே. மேலைநாட்டு ஆலோசனை, தொழிற்சாலையில் கழுவிக் குளிரூட்டிப் பொட்டலம் கட்டி வரும் கறியை வைத்துச் சொன்னது. நம் கறிக்கடையில் கண்ணெதிரே வெட்டித் தரும் கறியில் ரத்தக்கட்டி இருக்கும், இறகின் அடிக்குச்சி இருக்கும், எலும்புத்தூள் இருக்கும். அதை அப்படியே சட்டியில் போடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே கழுவத்தான் வேண்டுமென்றால், குழாயை மறந்துவிடுங்கள். ஓர் அகலமான பாத்திரத்தில் முதலிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். கறியை மெல்ல அதில் இறக்கி, தண்ணீருக்கு அடியிலேயே கையால் அலசி, ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, அருகில் வைத்த இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கழுவிய தண்ணீரைச் சிங்க்கின் ஓட்டைக்கு அருகில் தாழ்வாகச் சாய்த்து ஊற்றுங்கள். உயரத்திலிருந்து விழும் தண்ணீர்தான் தெறிக்கும். 2022இல் இயற்பியல் ஆய்வாளர்கள் இதையே தனியாகச் சோதித்தார்கள். குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு தெறிப்பு என்று கண்டார்கள். கோழிக்கறி மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழும் இடத்தில் சிறு குழி விழுகிறது, அந்தக் குழியே தண்ணீரை வெளியே எகிறச் செய்கிறது என்பதையும் காட்டினார்கள். அந்தத் தெறிப்பு விழும் தூரத்தில்தான் நம் வீடுகளில் கொத்தமல்லிக் கட்டும் கழுவிக் கவிழ்த்த டம்ளர்களும் இருக்கின்றன.

குடலும் ஈரலும் வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். குடல் சுத்தம் செய்யும் வேலை, முடிந்தால் அடுக்களைக்கு வெளியே, புழக்கடைக் குழாயில் நடக்கட்டும்.

அடுத்து அஞ்சறைப்பெட்டி. பெரியம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது சிங்க்கில் இல்லை, இங்கேதான். அமெரிக்காவில் 371 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான இன்னோர் ஆய்வில், வான்கோழிக் கொத்துக்கறியில் தீங்கற்ற ஒரு வைரஸைக் கலந்து வைத்துவிட்டு, சமையல் முடிந்தபின் அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடினார்கள். குப்பைத்தொட்டி மூடி, குழாய்த் திருகு, வெட்டும் பலகை என எல்லாவற்றையும் சோதித்தார்கள். மிக அதிகமாக ஒட்டியிருந்தது மசாலா டப்பாக்களில்தான், ஏறக்குறைய 48 சதவீதத்தில். சமைத்தவர்கள் மேடையைத் துடைத்தார்கள், கத்தியைக் கழுவினார்கள். மசாலா டப்பாவைக் கழுவ வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர்களுடையது மூடியில் ஓட்டை போட்ட டப்பா. கை வெளியே மட்டும்தான் படும். நம்முடையது திறந்த கிண்ணங்கள். விரலே உள்ளே போகிறது, அல்லது விரல் பட்ட கரண்டி உள்ளேயே கிடக்கிறது. சால்மொனெல்லா உலர்ந்த மசாலாவில் பெருகாது, ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடச் சாகாமல் கிடக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் குழம்பில் போய்க் கொதித்தால் பிரச்சினை இல்லை. புதன்கிழமை மாங்காய்த் துண்டின் மேல் தூவும் மிளகாய்த்தூளும், வெள்ளரிக்காய்க்குப் போடும் மிளகுத்தூளும் எங்கே கொதிக்கின்றன? ஞாயிற்றுக்கிழமைக் கறியால் புதன்கிழமை வயிற்றுப்போக்கு வந்தால், கறியை யாரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள்.

இதற்குத் தீர்வு மிக எளிது. கறிக் கவரைப் பிரிப்பதற்கு முன்பே, அன்று வேண்டிய மஞ்சளையும் உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். மிஞ்சினால் அதுவும் அந்தக் குழம்பிலேயே போகட்டும், பெட்டிக்குத் திரும்பக்கூடாது. எண்ணெய் பாட்டிலையும் முன்பே திறந்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் அடுக்களையில் இருந்தால் இன்னும் சுலபம்: ஒருவர் கறியைத் தொடட்டும், மற்றவர் குழாயையும் டப்பாக்களையும் திறக்கட்டும்.

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் சலிப்பாக இருக்கும், ஆனால் அந்த 31 சதவீதத்தை நினைத்துச் சொல்கிறேன். கோழியின் கொழுப்பு விரலில் ஒரு படலமாக ஒட்டுகிறது, கிருமி அந்தப் படலத்துக்குள் இருக்கிறது. வெறும் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். சோப்புதான் கொழுப்பைக் கரைத்துப் பெயர்க்கும். நகக்கண், விரலிடுக்கு, மோதிரத்தின் அடி எல்லாம் சேர்த்து இருபது நொடி தேய்க்க வேண்டும். கை சுத்தமானபின் அழுக்குக் கையால் திறந்த அதே குழாயை விரலால் மூடினால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். திருகுக் குழாய் என்றால் அதற்கும் சோப்பு நுரை தடவிக் கழுவிவிடுங்கள். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஊற்றச் சொல்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். இங்கே அதைவிட நல்ல வழி இல்லை.

அருவாமனை, கத்தி, பலகைக்கும் முதலில் சோப்பு, பிறகுதான் கிருமிநாசினி. வரிசை மாறக்கூடாது. ரத்தமும் கொழுப்பும் இருக்கும்போது பிளீச்சிங் திரவத்தை ஊற்றினால், அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. சோப்பு போட்டுக் கழுவியபின், கடையில் விற்கும் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் ஒரு டீஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டு, அலசிக் காயவைத்தால் போதும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பிளீச் வேண்டாம் என்றால் கொதிக்கும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிப் பிறகு வெயிலில் வையுங்கள். ஆழமாகக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைக் கறிக்குப் பயன்படுத்த வேண்டாம். கீறலுக்குள் சோப்பும் போகாது, வெயிலும் போகாது. கரித்துணியைக் கறி வேலையின்போது கண்ணில் படாத இடத்தில் போட்டுவிடுவதே நல்லது. ஈரமாகவே கிடக்கும் அந்தத் துணி, ஓர் இடத்தில் இருந்த கிருமியை மேடை முழுவதற்கும் சமமாகப் பூசிவிடும். கறி நீரைத் துடைக்கப் பழைய செய்தித்தாள் போதும், துடைத்ததும் குப்பைக்குப் போய்விடும். அதன்பின் மேடையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம்.

வேகவைப்பதில் நம் சமையலுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. சால்மொனெல்லாவுக்கு வெப்பமும் நேரமும் சேர்ந்துதான் எமன். கறியின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் நின்றால் பாதுகாப்பாக அரை மணி நேரம் வேண்டும், 74 டிகிரியைத் தொட்டால் அந்தக் கணமே வேலை முடிந்துவிடும். நம் குழம்பு 100 டிகிரியில் இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனுக்கு வெட்டும் சின்னத் துண்டுகளும் அப்படித்தான், உள்வரை வெந்துவிடும். சிக்கல் எல்லாம் முழுத் தொடையை வறுப்பதிலும், கரி அடுப்பில் சுடுவதிலும், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை ஐஸ் போகாமல் எண்ணெயில் போடுவதிலும்தான் வருகிறது. வெளியே கருகும், எலும்பை ஒட்டிப் பச்சையாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பிராய்லர் இளங்கோழி என்பதால் எலும்பு மஜ்ஜையிலிருந்து சிவப்பு கசிந்து, நன்றாக வெந்த கறியும் எலும்போரம் கருஞ்சிவப்பாகத் தெரியலாம். மாறாக, வெளுத்த கறி உள்ளே போதிய சூடு ஏறாமலும் இருக்கலாம். தொடையில் எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு வறுப்பது மசாலா ஊறுவதற்காக என்று நினைக்கிறோம். சூடு உள்ளே போவதற்கும் அதுவே வழி. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை எடுத்து மூட்டில் பிரித்துப் பாருங்கள். சதை எலும்பை விட்டு எளிதாகக் கழன்று, வடியும் நீர் தெளிவாக இருந்தால் வெந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். முழுக்க உறுதி வேண்டுமென்றால் உணவு வெப்பமானிதான்.

ஆட்டுக்கறித் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்துக்கறியாக அரைத்தால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. கோலா உருண்டை நடுவரை வேக வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான்.

நாமக்கல்காரர்கள் முட்டையைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்க முடியாது. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்பும் ஊர். இங்கே கலக்கி சாப்பிடாத இளைஞர் அபூர்வம். முட்டையைக் குழம்போடு அடித்துச் சூடான கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மடித்து, நடுவில் தளும்பத் தளும்ப எடுத்துத் தருவார்கள். வெள்ளைக்கரு 62 டிகிரி சுமாரில் கெட்டியாகத் தொடங்குகிறது, மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள். தளும்பும் முட்டை அந்தச் சூட்டைத் தொடவில்லை என்று அந்தத் தளும்பலே சொல்கிறது.

முட்டைக்குள் சால்மொனெல்லா இரண்டு வழியில் வரும். ஓட்டின் மேல் ஒட்டிய எச்சத்திலிருந்து ஓட்டின் நுண்துளைகள் வழியாகப் போகலாம். சால்மொனெல்லாவில் ஒருவகை, கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடும். அந்த முட்டையை எப்படித் துடைத்தாலும் பயன் இல்லை. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை முட்டையின் வயதைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. புதிய முட்டையில் வெள்ளைக்கருவே காவல். கிருமியை வளரவிடாத புரதங்கள் அதில் உண்டு. நாள் ஆக ஆக, முக்கியமாக வெயிலில், மஞ்சள்கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வு தளர்கிறது. கிருமிக்கு மஞ்சள்கருவின் சத்து கிடைத்ததும் வேகமாகப் பெருகும். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பத்து நாள் இருந்த முட்டையும், நேற்று இட்ட முட்டையும் ஒன்றல்ல.

வாங்கி வந்ததும் முட்டையைக் கழுவி அடுக்குவது பலரின் பழக்கம். ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு துளைகளை மூடியிருக்கிறது, கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளிருப்பது சுருங்கினால், ஓட்டின் மேலுள்ள அழுக்குத் தண்ணீர் துளை வழியே உள்ளே இழுக்கப்படும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த தாளால் துடையுங்கள், கழுவுவதை அவிக்கப் போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது முட்டை அட்டையைக் காய்கறிக் கூடையின் மேல் வைக்காதீர்கள். எத்தனை பண்ணை, எத்தனை வண்டி சுற்றி வந்த அட்டையோ தெரியாது. முட்டை தோசைக்கு மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் முட்டையைத் தட்டி உடைப்பதையும் விட்டுவிடுங்கள். ஓட்டில் இருந்தது மாவில் விழுந்தால், அந்த மாவு நாளை வரை அங்கேயேதான் இருக்கும்.

இப்போது மயோனைஸ். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. ஏன் முட்டைக்குத் தடை இல்லாமல் மயோனைஸுக்கு மட்டும்? ஒரு முட்டையில் கிருமி இருந்து அதைத் தனியாகச் சாப்பிட்டால் ஒருவருக்குத்தான் நோய். முப்பது முட்டையை ஒன்றாக அடித்தால் அந்த ஒரு முட்டை முப்பதையும் கெடுத்துவிடும். நூறு பேர் அதைத் தொட்டுக்கொள்வார்கள். எண்ணெயும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்து, கடை வாசலில் வெயிலில் பல மணி நேரம் வைத்தால் அங்கேயே வளரும். சிக்கன் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறது, அதன் மேல் ஊற்றும் மயோனைஸ் பார்ப்பதே இல்லை. பெரியம்மா வீட்டு வெங்காயத்தின் கதைதான் இதுவும்.

2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில் ஓர் உணவகத்தின் ஷவர்மாவையும் வேறு அசைவ உணவுகளையும் சாப்பிட்டு 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் 16 வயது மாணவி இறந்தபோது, அந்தக் கடை ஷவர்மா மாதிரியில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததாகக் கேரள சுகாதாரத்துறை அறிவித்தது. இப்படி ஊரே பதறும் அளவுக்கு வீட்டுச் சமையல் செய்தியில் வருவதில்லை. நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் வெயில் சூடு என்றோ தண்ணீர் சேரவில்லை என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். சால்மொனெல்லா பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம் முதல் மூன்று நாள் கழித்தும், கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தும் தம் வேலையைக் காட்டுகின்றன. நாம் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வோம். உண்மையான குற்றவாளி அதற்குள் செரித்துப் போயிருக்கும்.

பேதியானால் உப்புச்சர்க்கரைக் கரைசல் தொடர்ந்து கொடுங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத காய்ச்சல், குழந்தை சிறுநீர் கழிப்பது குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கலக்கி, ஆஃப் பாயில் இரண்டும் வேண்டாம். மற்றவர்கள், குளிரில் வைத்த புதிய முட்டையை உடைத்த உடனே கல்லில் போட்டு, சூட்டோடு சாப்பிட்டால் ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது.

பெரியம்மாவிடம் இத்தனையும் சொல்லவில்லை. வேலையின் வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன். போன வாரம் போனபோது பச்சடி வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கி, தயிரோடு கலந்து, மூடி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்தன. மஞ்சளும் உப்பும் தனிக் கிண்ணத்தில். கறிக் கவர் பிரிக்காமல், கசிந்தாலும் வேறெதிலும் சொட்டாதபடி ஓர் எவர்சில்வர் குண்டானுக்குள் கீழ்த்தட்டில் இருந்தது. "வெங்காயத்த மொதல்ல அரிஞ்சுட்டேன் சாமி, இனி கறியத் தொடலாமல்ல?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டிலும் வருகிற ஞாயிறு அந்தக் கவரைக் கடைசியாகப் பிரியுங்கள்.